பில்லு அப்பா பேர்ல இருக்கட்டும்

போரிங் பார்னு ஒரு கம்பி இருக்கு. லேத்துல ஓட்டைக்குள்ள விட்டு கடையறது. கட்டைவிரல் தடிமன், ஒரு முழம் நீளம், கெட்டி ஸ்டீலு. அத வாயில வாங்குனவன் நானு. முன்பல்லு ஒண்ணு வேரோட போச்சு, பக்கத்துப் பல்லு பாதி ஒடஞ்சுது, மேலொதட்டுல நாலு தையல். அடிச்சது ரவுடி கிவுடி இல்ல. எங்க அக்கா ஊட்டுக்காரர். காலேஜ் சேந்த வருசம் எனக்கு பைக் ஓட்டக் கத்துக்குடுத்த அதே கை.

சொந்தக்காரன் தொழில் போட காசு கேக்கறான், என்ன பண்றதுன்னு எவனாச்சும் என்கிட்ட கேட்டா நான் மொதல்ல வாயத் தொறந்து பல்லக் காட்டுவேன். அப்பறந்தான் கதை.

மச்சான் எட்டு வருசம் ஒரு பம்ப் கம்பெனில சிஎன்சி செக்சன் சூப்பர்வைசர். கையில வேல இருக்கு, அதுல டவுட்டே கெடையாது. மைக்ரோமீட்டர் வெக்காமயே பம்ப் சாஃப்ட்ட தடவிப் பாத்து சைஸ் சொல்லுவாரு. ஆனா முதலாளி எதுத்து ஒரு வார்த்த பேசிட்டார்னு ஒருநாள் ஐடி கார்ட கழட்டி அவர் மேசை மேல வீசிட்டு வந்துட்டாரு. வந்தது நேரா கணபதி ஏரியால இருக்கற எங்க ஊட்டுக்கு, அக்காவ கூட்டிக்கிட்டு. ஞாயித்துக்கெழம. அப்பா ஃபவுண்டரில ரிட்டயர் ஆயி, பதினெட்டு லட்சம் கைக்கு வந்து முழுசா ரெண்டு மாசம் கூட ஆவல.

"மாமா, சொந்தமா ஜாப் ஒர்க் போடலாம்னு இருக்கறனுங்க. ஒரு செகண்ட் ஹேண்ட் சிஎன்சி லேத்து மெஷின் பாத்துட்டேன். ஒம்போது லட்சம். ஷெட் அட்வான்ஸ், கரண்ட் டெபாசிட், டூல்ஸ், எல்லாஞ் சேத்து பதினெட்டு ஆயிருமுங்க. கொஞ்சம் இழுத்துச்சுன்னா உங்க ஊட்டுப் பத்திரத்த பேங்க்ல வெச்சுக்கலாமுங்க."

பதினெட்டு. கரெக்டா பதினெட்டு. அப்பாவுக்கு வந்த தொகைய அக்கா சொல்லாம இவருக்கு எப்பூடி தெரியும். நான் அக்காவப் பாத்தேன், அவ கோழிக்கறிய கிண்டிக்கிட்டு இருந்தா.

அப்பா உடனே, "செஞ்சுபோடலாமுங்க மாப்ள"ன்னுட்டாரு. யோசிக்கவே இல்ல. எங்க பக்கம் பொண்ணு குடுத்த ஊட்டுக்கு குடுக்கறதெல்லாம் சீரு மாதிரி. சீருக்கு எவனாச்சும் ரசீது கேப்பானா. கேட்டா ஒறம்பரை சொந்தம் பூராவும் சிரிக்கும். இங்க எத்தன பேரு இப்பிடித்தான் கவுந்திருக்கான் தெரியுமா.

நான் மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஒரு கம்பெனில பர்ச்சேஸ்ல இருக்கறேன். கம்பெனிக்கு பார்ட்ஸ் கடஞ்சு குடுக்கற சின்ன ஜாப் ஒர்க் ஷெட்டுக்காரங்க எங்க ரிசப்சன்ல எப்பிடி உக்காந்திருப்பாங்கன்னு தெனம் பாக்கறேன். மெஷின் வாங்க காசு வெச்சிருப்பாங்க. அத ஓட்ட காசு வெச்சிருக்க மாட்டாங்க. கம்பெனிக்காரன் பில்லுக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் குடுப்பான், ஆனா ஷெட் வாடகையும் ஆப்பரேட்டர் சம்பளமும் மூணு மாசம் நிக்காது. மெட்டீரியல் ரிஜெக்ட் ஆச்சுன்னா அதுவும் இவங்க தலைல. அந்தக் கேப்லதான் வார வட்டிக்காரன் நொழைவான்.

அதனால நாலே விசயம் சொன்னேன். ஒண்ணு, பதினெட்டு இல்ல, பத்து. அந்தப் பத்தும் போனா நாளைக்கு சோத்துக்கு இல்லேன்னு ஆவக்கூடாது. ரெண்டு, ஊட்டுப் பத்திரம் வெளிய போவாது. மூணு, மெஷின் பில்லு அப்பா பேர்ல இருக்கும், இன்சூரன்சும் அப்பா பேர்ல. மச்சானுக்கு வாடகைக்கு உடறோம்னு அக்ரிமெண்ட் எழுதணும், மெஷின் நம்பரோட. நாலு, அவரு எங்க கடன் வாங்குனாலும் அப்பா ஜாமீன் கையெழுத்து போடமாட்டாரு.

நாலாவது சொல்லி முடிக்கறதுக்குள்ள அப்பா கை என் கன்னத்துல எறங்கிருச்சு. பளார்னு. காதுல ஒரு ஊய்.

"மாப்ளைகிட்ட பத்திரம் எழுதி வாங்கறதாடா. உன்ன இதுக்கா படிக்க வெச்சேன்."

மச்சான் கையில இருந்த தண்ணிச் சொம்ப செவுத்துல அடிச்சாரு. அது நசுங்கி உருண்டு டிவிக்கு அடில போச்சு. அக்கா கரண்டியோட வந்தா. "எம்பட புருசன் திருடனாடா? திருடனான்னு கேக்கறேன். வாயில சொல்லு."

"திருடன்னு சொல்லல அக்கா. மச்சான் நல்லவரு. ஆனா கடன் குடுத்தவன் ஒருநாள் வந்தான்னா அவனுக்கு மச்சான் மெஷினும் அப்பா மெஷினும் வேற வேறன்னு தெரியணும். அவ்வளவுதான்."

அக்கா கரண்டியத் தூக்கி எறிஞ்சா. என் தோள்ல பட்டு கொழம்பு கொட்டுச்சு. சூடு. இன்னைக்கும் அந்த எடத்துல தோலு சுருங்கித்தான் இருக்கு.

அன்னைக்கு கறி எவனும் திங்கல. ஆனா மச்சானுக்கு வேற எடத்துல காசு பொறளல, அதனால பத்து நாள் கழிச்சு என் நாலு விசயத்துக்கும் தலையாட்டிட்டாரு. பத்திரத்த பேங்க் லாக்கர்ல வெச்சேன். அப்பாவும் நானும் ரெண்டு பேரும் போனாத்தான் தொறக்கற மாதிரி லாக்கர். அப்பா என்கூட ஒரு வாரம் பேசல, ஆனா கையெழுத்துப் போட்டாரு.

மெஷின் எறங்குன அன்னைக்கு நானே பெயிண்ட்ட வாங்கிட்டுப் போயி அதோட சைடு டோர்ல, உரிமையாளர்னு போட்டு அப்பா பேரையும் எழுதுனேன். ஷெட்டுக்கார அம்மாகிட்ட, மெஷின் எங்களுது, வாடகை பாக்கின்னா மெஷின புடிச்சு வெக்காதீங்க, எங்களுக்கு போன் போடுங்கன்னு ஒரு லெட்டரும் அக்ரிமெண்ட் காப்பியும் குடுத்தேன். அந்தம்மா ஊட்ல தெலுங்கு பேசுவாங்க. பேப்பர மேலயும் கீழயும் பாத்துட்டு, "உங்க மச்சான் மேல உங்களுக்கு நெம்பத்தான் பாசமுங்க"ன்னு சொல்லி வாங்கி உள்ள வெச்சுக்கிட்டாங்க.

பூஜைக்கு ஒறம்பரை பூராவும் வந்திருந்தாங்க. எலுமிச்சம்பழம், பொரி, மாலை. சைடு டோர பாத்தா என் எழுத்துக்கு மேல ஒரு முருகர் காலண்டர் தொங்குது. நாலு காந்தம் வெச்சு ஒட்டியிருக்கறாரு மச்சான். "அழகா இருக்குதில்ல மாப்ள"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அந்தக் காலண்டர அப்பவே கிழிச்சிருக்கணும். அவமானத்துக்காகத்தான் மறைக்கறாருன்னு நெனச்சு உட்டுட்டேன்.

நாலு மாசம் வாடகை டாண்ணு வந்துச்சு. அஞ்சாவது மாசம் வரல. கேட்டா, "கம்பெனில செக் லேட்டு மாப்ள." ஆறாவது மாசமும் வரல. அப்பா, "பாவம், தொழில்னா அப்பிடித்தான்"னாரு. மொத வாடகை நின்ன அன்னைக்கே நான் ஷெட்டுக்கு போயி கணக்கு பாத்திருக்கணும். போகல. மச்சான் மூஞ்சிய பாத்துக் கேக்க கூச்சமா இருந்துச்சு. இத்தன பேப்பர் எழுதத் தெரிஞ்சவனுக்கு ஒரு கேள்வி கேக்கத் தெரியல.

ஏழாவது மாசம் ஒரு புதன்கெழம, காலைல பத்து மணி. நான் லீவு. வாசல் கேட் அடிபடற சத்தம். மச்சான் நிக்கறாரு. எடது கண்ணு வீங்கி மூடியிருக்குது, சட்டைப் பாக்கெட் கிழிஞ்சு தொங்குது. ஒதட்டுல ரத்தம் காஞ்சு கெடக்குது.

அப்பா ஓடி வந்து உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சாரு. அப்பறந்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. ஒரு பைனான்ஸ்காரர்கிட்ட நாலு லட்சம், வார வட்டிக்கு. ரெண்டாயிரம் சாஃப்ட்டு டேப்பர் அவுட்டு, ஒரு முனை பெருசு ஒரு முனை சிறுசுன்னு ஒரேடியா ரிஜெக்ட் ஆயிருச்சு, அந்தப் பில்லு வரவே இல்ல. வட்டி கட்ட முடியல.

"இன்னைக்கு பதினோரு மணிக்கு மெஷின தூக்க வாராங்க மாமா. நீங்க மட்டும் ஊட்டுப் பத்திரத்த வெச்சு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நிறுத்திருவாங்க. பத்திரத்த நேர்ல காட்டச் சொல்றாங்க."

அப்பா எந்திரிச்சு சட்ட மாட்டுனாரு. "டேய், லாக்கர் சாவிய எடு. போலாம்."

"வரமாட்டேன்பா."

"என்னடா சொன்ன?"

"நான் வந்தாத்தான் லாக்கர் தொறக்கும். நான் வரல. நாலு லட்சத்துக்கு ஊட்டக் குடுத்தா அது நாலு லட்சத்துல நிக்காது. வட்டி ஏறும், நீங்க ஜாமீன், ஊடு போயிரும். அம்மாவ எங்க கூட்டிட்டுப் போவீங்க."

பெல்ட்ட உருவுனாரு. ஃபவுண்டரில முப்பது வருசம் சுத்தியல் புடிச்ச கை. மொத அடி முதுகுல, ரெண்டாவது கை முட்டில. மூணாவத நான் புடிச்சுட்டேன். அப்பாவும் நானும் ஹால்ல பெல்ட்ட ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு நிக்கறோம். டீப்பாய் கவுந்து கண்ணாடி தெறிச்சு, அம்மா கால்ல கிழிச்சிருச்சு. அம்மா அழுகவே இல்ல. ரத்தத்த தொடச்சிக்கிட்டே அப்பாகிட்ட சொன்னா, "அவன் வரமாட்டேன்னா வுடுங்க. எனக்கு ஊடு வேணும்."

அம்மா அப்பாவ எதுத்துப் பேசி நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பெல்ட்ட உட்டுட்டாரு.

நான் பேப்பர் ஃபைல எடுத்தேன். "மெஷின் நம்முளுதுப்பா. வாங்க, அதத் தூக்க உடாம பாப்போம்."

பைக்ல அப்பாவும் நானும், பின்னால மச்சான் அவரு வண்டில. நாங்க போறதுக்குள்ளயே ஷெட்டுக்கார அம்மா போன் போட்டுட்டாங்க. "ஏனுங்க தம்பி, ஹைட்ரா வந்து நிக்குதுங்க. சீக்கிரம் வாங்க."

ஹைட்ராங்கறது தூக்கற கிரேன் வண்டி. மெஷின் மூணு டன்னு, அதில்லாம அசையாது. போயி பாத்தா ரோட்ல ஹைட்ரா, பின்னால ஒரு லாரி. நாலு பேரு ஷெட்டுக்குள்ள கரண்ட் கேபிள கழட்டிக்கிட்டு இருக்கறாங்க. நடுவுல வெள்ளச் சட்டைல அந்த பைனான்ஸ்காரரு. நம்ம ஊர்ல அடிக்கறவனும் மரியாதையாத்தான் பேசுவான், அதுதான் பெரிய கொடுமை.

மச்சான் வண்டிய நிறுத்தறதுக்குள்ள ஒருத்தன் சட்டையப் புடிச்சு இழுத்து வயித்துல முட்டி போட்டான். மச்சான் மடங்கி உக்காந்தாரு.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?"ன்னு கேட்டாரு பைனான்ஸ்காரரு. "மாமனார கூட்டிட்டு வாரேன்னீங்க, வந்துட்டாரு. பத்திரம் எங்கீங்க?"

நான் ஃபைல நீட்டுனேன். "பத்திரம் இல்லீங்க. மெஷினோட பில்லு இருக்குது. பில்லு எங்கப்பா பேர்லீங்க. இது வாடகை அக்ரிமெண்ட்டு. இந்த மெஷின் அவருது இல்லீங்க, அடமானம் வெக்கற உரிம அவருக்கில்லீங்க. இதத் தூக்குனீங்கன்னா அது திருட்டு கேசு ஆயிருமுங்க."

அவரு வாங்கிப் படிச்சாரு. நிறுத்தி நிதானமா. அப்பறம் மச்சானப் பாத்தாரு. "தம்பி, மெஷின் சொந்தம்னு எழுதிக் குடுத்துத்தானுங்க பணம் வாங்குனீங்க."

அவரு ஆளு ஒருத்தன், பேர எங்கியாச்சும் எழுதியிருக்காங்களான்னு மெஷினச் சுத்திப் பாத்தான். சைடு டோர்ல காலண்டர் இருந்துச்சு. நான் போயி கிழிச்சேன். காந்தம் தெறிச்சு விழுந்துச்சு. உள்ள என் கோணல் எழுத்து, அப்பா பேரு.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, மச்சான் அத மறைச்சது அவமானத்துக்காக மட்டும் இல்ல.

மச்சான் எந்திரிச்சாரு. டூல் ரேக்குல இருந்து அந்தப் போரிங் பார் கம்பிய எடுத்தாரு. அவங்களைத்தான் அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். நேரா என்கிட்ட வந்தாரு.

"என்ன திருடன் ஆக்கிட்டியேடா."

அவ்வளவுதான். வாய் முழுக்க இரும்பு ருசி. நான் மெஷின் மேலயே சாஞ்சு வழுக்கி உக்காந்தேன். பல்லு கூலண்ட் தண்ணில கெடந்துச்சு, வெள்ளையா, அது என்னுதுன்னு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. ரெண்டாவது அடிக்கு கையத் தூக்குனாரு. அப்பா குறுக்க வந்துட்டாரு. அந்த அடி அப்பா வெலாவுல எறங்குச்சு, மட்டைய ஒடச்ச மாதிரி ஒரு சத்தம். அப்பா கீழ விழல. மாப்ளையோட கையப் புடிச்சு முறுக்கி கம்பியப் புடுங்கி எறிஞ்சுட்டு, ஒரு அறை. இத்தன வருசமா எனக்கு மட்டுமே உழுந்துக்கிட்டு இருந்த அதே அறை.

"மாப்ளைன்னு ஒரு வார்த்த சொல்லாம இருந்தேன்"னு அப்பா சொன்னாரு. அப்பறம் மூச்சு வாங்க முடியாம கீழ உக்காந்துட்டாரு.

ஷெட்டுக்கார அம்மா போலீசுக்கு போன் போட்டுக்கிட்டே தெலுங்குல எல்லாரையும் திட்டுனாங்க. எனக்குத் தெலுங்கு தெரியாது, ஆனா நல்ல வார்த்தையா இருக்காது. ரோந்து வண்டி வந்துச்சு. வந்தவரு பில்லப் பாத்தாரு, அக்ரிமெண்ட்டப் பாத்தாரு. "கடன் பிரச்சினை உங்களுக்குள்ள, கோர்ட்டுல பாத்துக்கோங்க. மெஷினு இவரு பேர்ல இருக்குது, அதத் தொடாதீங்க"ன்னு பைனான்ஸ்காரர்கிட்ட சொன்னாரு. ஹைட்ரா வந்த வழியே ரிவர்ஸ்ல போச்சு. பைனான்ஸ்காரரு போறப்ப மச்சான் கன்னத்துல தட்டி, "நாம பேசிக்கலாமுங்க தம்பி"ன்னாரு. எனக்கு விழுந்த அடிய விட எனக்குப் பயமா இருந்தது அந்தத் தட்டல்தான்.

அப்பாவுக்கு ரெண்டு வெலா எலும்பு விரிசல். எனக்கு தையல். ஆஸ்பத்திரில பக்கத்து பக்கத்து கட்டில். கம்ப்ளெய்ண்ட் குடுக்கறீங்களான்னு கேட்டாங்க. அப்பா என்னப் பாத்தாரு. நான் வேண்டாம்னு தலையாட்டுனேன், வாயத் தொறக்க முடியல. அக்கா வந்தா. வந்தவ கட்டில் கம்பியப் புடிச்சு உலுக்குனா.

"நாலு லட்சம். உங்களால குடுத்திருக்க முடியாதா? அவரு கண்ணப் பாத்தியாடா?"

குடுத்திருக்க முடியும். பேங்க்ல எட்டு லட்சம் இருந்துச்சு. குடுத்திருந்தா இவரு இன்னொரு நாலு வாங்கியிருப்பாரு. அத அவகிட்ட வாய் தொறந்து சொல்ல முடியல, போன்ல டைப் பண்ணிக் காட்டுனேன். படிச்சுட்டு என் போன ஆஸ்பத்திரிச் செவுத்துல அடிச்சு ஒடச்சா.

மெஷின ஆறரை லட்சத்துக்கு வித்தோம். வந்த வாடகையச் சேத்தா மூணு லட்சம் பக்கம் நட்டம். மச்சான் கடன நாங்க ஒரு ரூவா கட்டல. அவரு டூல்ஸ வித்தாரு, வண்டிய வித்தாரு, அக்கா வளையல வித்தாரு. ஒரு வக்கீல வெச்சுப் பேசி வட்டி ஓட்டத்த நிறுத்தி, அசல தவணைல கட்டறதா எழுதிக் குடுத்தாரு. இப்ப வேறொரு கம்பெனில ஆப்பரேட்டர், ஷிப்ட் வேல. வாடகை ஊட்ட காலி பண்ணிட்டாங்க, அக்காவும் கொழந்தையும் எங்க ஊட்லதான். என் ரூம்ல அவங்க, நான் ஹால்ல படுக்கறேன். இந்த ஊட்டத்தான் அன்னைக்கு குடுக்கச் சொன்னாங்க. இத அக்காகிட்ட நான் சொன்னதில்ல. அவளும் சொன்னதில்ல. ஆனா அவ பரிமாறறப்ப என் தட்டுல கறி மறுபடி பெரிய துண்டா விழுது.

மச்சான் ஞாயித்துக்கெழம வருவாரு. கேட்டுக்கு வெளியவே நிப்பாரு, கொழந்தைய அங்கயே தூக்குவாரு. ஆறு மாசம் அப்பிடியே போச்சு. போன மாசம் மொத தடவையா உள்ள வந்தாரு. என் மூஞ்சியப் பாக்கல. அப்பா முன்னால நின்னாரு.

"மாமா, ஒரு ரூம் பாத்திருக்கறனுங்க. இவங்கள கூட்டிட்டுப் போலாம்னு. அட்வான்ஸ் முப்பதாயிரம் கேக்கறாங்க. மாசம் ரெண்டாயிரமா திருப்பிக் குடுத்துருவனுங்க."

அப்பா வெலாவுல கைய வெச்சுக்கிட்டே எந்திரிச்சாரு, குளிருக்கு அங்க இன்னும் வலிக்கும். உள்ள போயி பணத்தோட வந்தாரு. இன்னொரு கையில ஒரு பேப்பர், ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப், ஒரு பேனா. அவரே எழுதியிருந்தாரு, கோணல் மாணலா, மாசம் ரெண்டாயிரம்னு எழுத்தாலயும் எண்ணாலயும்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

மச்சான் பேப்பரப் பாத்தாரு. அப்பறம் மொத தடவையா என்னப் பாத்தாரு, என் வாயப் பாத்தாரு. இன்னும் பல்லு கட்டல, ஓட்டையாத்தான் இருக்குது. பேனாவ வாங்கி ஸ்டாம்ப் மேல கையெழுத்துப் போட்டாரு. எழுத்து நேரா வந்துச்சு.

அப்பா பேப்பர என்கிட்ட நீட்டுனாரு. "லாக்கர்ல வெச்சுரு. நாளைக்கு ரெண்டு பேரும் போலாம்."